பிரியாணிக்கு முன்னால் மூன்று கேள்விகள்

புஜைராவில் எந்தக் கட்டடத்திலாவது லிஃப்ட்டுக்குள் மெத்தையும் வாஷிங் மெஷினும் ஏறினால், புதுக் குடும்பம் வருகிறது என்று அர்த்தம். நம்ம ஆட்கள் இந்த விஷயத்தில் குறை வைப்பதில்லை. முகத்தைப் பார்த்ததும் "தமிழா?" என்று கேட்போம். ஆமாம் என்றால் ஊர் எது, கம்பெனி எது என்று விசாரிப்போம். இரண்டு நாளில் ஒரு டப்பாவில் பிரியாணியோ புளியோதரையோ போய்ச் சேரும். திரும்பும்போது வாசலில் நின்று, "ஏதாவது வேணும்னா கூச்சப்படாம சொல்லுங்க" என்போம். "கண்டிப்பா அண்ணா" என்பார்கள். அதோடு சரி. பிறகு லிஃப்ட்டில் பார்த்தால் ஒரு சிரிப்பு.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நல்ல மனதோடு சொல்கிற வாக்கியம்தான். ஆனால் புதிதாக வந்தவருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பது? கேட்க வேண்டிய பொறுப்பை நாம் அவர் தலையில் வைத்துவிட்டு வருகிறோம். இங்கே பல வருஷம் இருக்கிற நமக்குத்தான், அவருக்கு எது எப்போது இடிக்கும் என்று தெரியும். ஆகவே கேட்க வேண்டியவர்கள் நாம்தான். அதுவும் பொதுவாக இல்லாமல், குறிப்பாக. புஜைராவுக்கு மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: "கரண்ட் உங்க பேர்ல மாத்தியாச்சா?"

ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கணவர் துறைமுகப் பக்கம் ஒரு பங்கரிங் கம்பெனியில் வேலை செய்கிறார். இத்தனை நாள் கம்பெனி ரூமில் நாலு பேரோடு இருந்தவர், இப்போது மனைவியையும் மூன்று வயதுக் குழந்தையையும் திருநெல்வேலியிலிருந்து அழைத்துவருகிறார். ஒரு படுக்கையறை ஃபிளாட் பார்த்தாயிற்று. ஏஜென்ட் காட்டியபோது ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டு, செக் கொடுத்து, சாவி வாங்கியது வியாழக்கிழமை. குடும்பம் ஷார்ஜாவில் இறங்குவது வெள்ளிக்கிழமை இரவு.

வெள்ளி நள்ளிரவு கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியவில்லை.

நடந்தது இதுதான். ஏஜென்ட் காட்டிய அன்று ஓடியது முந்தைய குடியிருப்பாளரின் இணைப்பு. அவர் கணக்கை முடித்து, கடைசி பில்லைக் கட்டியதும் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. புதியவர் தன் பெயரில் வாங்க வேண்டும். அதற்கு முதலில் வாடகை ஒப்பந்தத்தை புஜைரா மாநகராட்சியில் பதிந்து சான்று பெற வேண்டும். அதையும் எமிரேட்ஸ் ஐடியையும் வைத்து, எத்திஹாத் நீர் மின்சார நிறுவனத்தில் விண்ணப்பித்து, முன்பணம் கட்ட வேண்டும். பழைய ஆட்கள் இன்னும் "ஃபீவா" என்று சொல்வது இந்த நிறுவனத்தைத்தான். ஆப்பிலும் செய்யலாம், டைப்பிங் சென்டரில் கொடுத்தும் செய்யலாம். ஆனால் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. 2022 ஜனவரியிலிருந்து அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள், சனி ஞாயிறு விடுமுறை. வியாழன் மாலை சாவி வாங்கியவருக்கு, ஏதாவது ஒரு தாள் குறைந்தாலும் திங்கள்கிழமைதான்.

துபாயிலிருந்தோ கல்பாவிலிருந்தோ மாறிவருபவர்கள் இன்னும் எளிதாக மாட்டுவார்கள். "நமக்குத் தெரியாததா" என்று நினைப்பார்கள். துபாயில் இஜாரி, தேவா என்று வேறு வழி. கல்பா பத்து நிமிட தூரம்தான், ஆனால் அது ஷார்ஜா எமிரேட்டைச் சேர்ந்தது. அங்கே மின்சாரம் செவாவுடையது. அந்தக் கணக்கை இங்கே மாற்றிக்கொள்ள முடியாது. பழையதை மூடி, புதியதைத் திறக்க வேண்டும்.

புதன்கிழமை, அவர் தனியாக வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "தம்பி, கரண்ட் உங்க பேர்ல மாத்தியாச்சா? ஒப்பந்தம் பலதியாவுல சீல் வாங்கியாச்சா?" என்று கேட்டிருந்தால் கதை மாறியிருக்கும். சாவியை ஒரு நாள் முன்னதாக வாங்கியிருப்பார். இல்லையென்றால் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளியிருப்பார். புதன்கிழமை கேட்ட அந்த ஒரு கேள்வி, சனிக்கிழமை கொடுத்த பிரியாணியை விடப் பெரிய உபகாரம்.

சரி, யாரும் கேட்கவில்லை, வெள்ளி இரவு இருட்டில் நிற்கிறார்கள். அப்போது என்ன செய்வது? வழக்கமாக நடப்பது, நம் வீட்டிலிருந்து வராந்தா வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக் கொடுப்பது. ஒரு விளக்கு, போன் சார்ஜர், ஒரு ஸ்டாண்ட் ஃபேன் வரை பரவாயில்லை. ஆனால் குழந்தை வேர்வையில் அழுதால், ஒரு மணி நேரத்தில் ஏதாவது ஒரு ஏசியை அதில் சொருகத்தான் தோன்றும். ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு ஆம்பியர் தொடர்ந்து இழுக்கும், கிளம்பும்போது அதைவிடப் பல மடங்கு. பகாலாவில் வாங்கிய மெல்லிய வயர் அதைத் தாங்காது. மீதி வயரைச் சுருட்டி வைத்திருந்தால் சூடு வெளியேற வழியும் இல்லை. கையால் தொட்டுப் பாருங்கள். வயரோ பிளக்கோ சூடாக இருந்தால் உடனே கழற்ற வேண்டும். ஆகவே சரியான உதவி வயர் இல்லை, ஹால்தான். "அம்மாவும் குழந்தையும் ரெண்டு நாள் எங்க வீட்டு ஹால்ல படுக்கட்டும். நீங்க பழைய ரூமுக்குப் போயிடுங்க." இதைச் சொல்லக் கொஞ்சம் மனசு வேண்டும். ஆனால் ஜூலை மாதத்தில் வேறு எதுவும் உதவி ஆகாது.

கரண்ட் வந்த பிறகும் ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடையில் மொட்டைமாடித் தொட்டி வெயிலில் கொதிப்பதால், சாதாரணக் குழாயில் வருவது வெந்நீர். குழந்தையை அப்படியே நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால் தோல் சிவந்துவிடும். இங்கே பழகியவர்கள் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். ஏசி ஓடும் வீட்டுக்குள் இருக்கிற ஹீட்டர் தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆறிவிடும். அப்புறம் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர், தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர். ஊரிலிருந்து வந்தவர் இதைத் தானாகக் கண்டுபிடிக்க ஒரு கோடை முழுக்க ஆகும். நாம் சொன்னால் அரை நிமிஷம். அந்தத் தொட்டி ஒன்றிரண்டு பேர் குளிக்கத்தான் காணும், பிறகு மேலிருந்து மறுபடி சுடுதண்ணீர் வந்து நிரம்பும். அதனால் ராத்திரியே ஒரு பக்கெட் பிடித்து வைக்கச் சொல்வதும் இதோடு சேர்ந்தது.

இரண்டாவது கேள்வி: "பால் எப்போ காய்ச்சறீங்க?"

இது வெறும் விசேஷ விசாரிப்பு மாதிரி தெரியும். உள்ளே இரண்டு விஷயம் இருக்கிறது: கேஸ், புகை.

முதலில் கேஸ். சில புதுக் கட்டடங்களில் குழாய் வழியாக வருகிறது. அதற்குத் தனியாகக் கணக்கு திறக்க வேண்டும், கரண்ட்டோடு சேர்ந்து வராது. மற்ற இடங்களில் சிலிண்டர். எந்தக் கடையில் சொன்னால் கொண்டுவருவார்கள் என்பது நாத்தூர் என்று இங்கே சொல்கிற வாட்ச்மேனுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். ஊரிலிருந்து பாசமாகக் கட்டிக்கொண்டு வந்த ரெகுலேட்டர் இங்கே பொருந்தும் என்று நம்ப வேண்டாம். இந்த ஊர் சிலிண்டருக்கான ரெகுலேட்டரையும் டியூபையும் இங்கேயே வாங்கிக்கொள்வதுதான் சரி. சிலிண்டர்க்காரர் மாட்டிவிட்டுப் போகும் முன், ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கி, ரெகுலேட்டர் மூட்டிலும் டியூபின் இரண்டு முனையிலும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துச் சோதிக்கிற வேலை எந்தக் காலத்திலும் வேண்டாம்.

நம்ம ஊர் வீட்டில் இதே கசிவு பல நாள் தெரியாமல் போகலாம். ஜன்னல் திறந்திருக்கும், கதவிடுக்கில் காற்று போகும். இங்கே எட்டு மாதம் ஜன்னலே திறப்பதில்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். வெளியேறாமல் தரையோடு படிந்து சேர்ந்துகொண்டே இருக்கும். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது. விளக்கைப் போடுவதும் தப்பு, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதும் தப்பு. வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் போன். சிவில் டிஃபென்ஸ் எண் 997.

அடுத்து புகை. புது வீட்டில் பால் காய்ச்சும்போது கற்பூரம் காட்டி, சாம்பிராணி போடுவது நம் வழக்கம். ஊர் வீட்டில் வீடு முழுக்கப் புகை நிறைந்தால்தான் திருப்தி. இங்கே ஹால் கூரையில் வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கிறதே, அது புகை கண்டுபிடிக்கும் கருவி. பல கட்டடங்களில் அது கீழே இருக்கிற பொதுப் பலகையோடு இணைந்திருக்கும். ஒரு தூபக்கால் சாம்பிராணி போதும், ஏழு மாடிக்கும் அலாரம் அடித்து, கைக்குழந்தையோடு எல்லாரும் படியில் இறங்குவார்கள். புதுக் குடும்பம் கட்டடத்துக்கு அறிமுகமாவது அப்படியா இருக்க வேண்டும்? அலாரத்தைவிட மோசமானது, அது அடிக்கக் கூடாதே என்று அந்த வட்டத்துக்குப் பிளாஸ்டிக் கவர் மாட்டி, பிறகு கழற்ற மறந்துவிடுவது. அப்படியே ஒரு நாள் நிஜமாகத் தீ பிடித்தால் அந்த வீடு மட்டும் ஊமையாக இருக்கும்.

"அக்கா, பால் காய்ச்சறது சமையலறையிலேயே வெச்சுக்குங்க. எக்ஸாஸ்ட் போட்டுட்டு, ஒரு சின்னத் துண்டு கற்பூரம் போதும். முன்னாடியே நாத்தூர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க." இவ்வளவுதான். கரி நெருப்பு போட்டுச் சாம்பிராணி தூவும் பழக்கம் உள்ள வீடுகளில் இன்னும் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: கங்கை அறைக்குள் விட்டுவிட்டுக் கதவை மூடித் தூங்கக் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மூடிய ஃபிளாட்டில் அது ஆளையே முடித்துவிடும்.

மூன்றாவது கேள்வி: "வண்டி எங்க நிறுத்துறீங்க?"

இந்தக் கேள்வி மற்ற எமிரேட்டுகளில் பார்க்கிங் பற்றியது. புஜைராவில் இது மழையைப் பற்றியது.

ஒரு பக்கம் ஹஜர் மலை, மறு பக்கம் ஓமான் வளைகுடா, நடுவில் குறுகலான ஒரு தட்டு நிலத்தில் நகரம். மலையில் பெய்யும் மழை பாறையில் ஊறாது. வாதி என்கிற காட்டாற்றுப் பள்ளங்களில் சேர்ந்து, கடலைத் தேடி நகரத்தின் வழியாகவே ஓடும். அதனால் நம் தலைக்கு மேல் தூறல்கூட இல்லாத நேரத்தில் தெருவில் வெள்ளம் வரலாம். சென்னைக்காரர் வெள்ளம் என்றால் ஏரி நிரம்பி, மெதுவாக ஏறுகிற தண்ணீரை நினைப்பார். இது அந்த வகை இல்லை. கல்லையும் மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, நிமிஷங்களில் வரும்.

2022 ஜூலை 27, 28 தேதிகளில் இந்த ஊர் அதைப் பார்த்தது. புஜைரா துறைமுகத்தில் பதிவான மழை 255 மில்லிமீட்டர். அமீரகத்தில் ஓர் ஆண்டு முழுக்கச் சராசரியாகப் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர்தான். அதுவும் ஜூலை, யாரும் மழையை எதிர்பார்க்காத மாதம். புஜைராவிலும் ஷார்ஜாவிலும் சேர்த்து 870 பேரை மீட்டதாக உள்துறை அமைச்சகம் அறிவித்தது. 3,897 பேர் தற்காலிகத் தங்குமிடங்களுக்குப் போனார்கள். ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேருமே ஆசிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். அதாவது, நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள்.

அந்த இரண்டு நாளில் தரைத்தளத்தில் இருந்தவர்களின் கட்டில், பிரிட்ஜ், பாஸ்போர்ட், சான்றிதழ் எல்லாம் தண்ணீரில் போயின. தெருவோரம் நிறுத்திய வண்டிகள் மிதந்துபோய் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. இதைப் பார்த்த பழைய ஆட்களுக்கு, தங்கள் தெருவில் தண்ணீர் எந்த மூலையிலிருந்து வந்தது, எந்தப் படி வரை ஏறியது, எந்த மணல் திட்டு கடைசி வரை காய்ந்தே இருந்தது என்று கை காட்டிச் சொல்லத் தெரியும். இந்தத் தகவல் எந்த ஆப்பிலும் இல்லை. ஏஜென்ட் சொல்ல மாட்டார், சொன்னால் வாடகை குறையும். அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு இருந்தவர் சொன்னால்தான் உண்டு.

ஆகவே புதியவரைக் கீழே கூட்டிப்போய் இரண்டு இடங்களைக் காட்டுங்கள். ஒன்று, மழை எச்சரிக்கை வந்தால் வண்டியை நகர்த்த வேண்டிய மேடான இடம். இன்னொன்று, அன்றைக்குத் தண்ணீர் நின்ற அடையாளம். தரைத்தளத்துக்கு வந்தவர் என்றால் பாஸ்போர்ட், திருமணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். நாம் மாடியில் இருந்தால், "தண்ணி வந்தா யோசிக்காம மேல ஏறி வந்துடுங்க, கதவு திறந்திருக்கும்" என்று வெயில் அடிக்கும் நாளிலேயே சொல்லி வைக்க வேண்டும். முன்பின் பழகாத வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டப் பலருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தில் போகிற பத்து நிமிஷம் பெரிய நேரம்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. மழையே பார்க்காத ஊரில் மழை வந்தால் எல்லாருக்கும் உற்சாகம் வரும். "வாதில தண்ணி ஓடுதாம், வாங்க பார்த்துட்டு வரலாம்" என்று வண்டியைக் கிளப்புவார்கள். ஊரில் தாமிரபரணியில் வெள்ளம் பார்க்கப் போன பழக்கத்தில் புதியவரும் குழந்தையோடு ஏறிக்கொள்வார். 2023 மே மாதம் அறிவிக்கப்பட்ட விதிப்படி, மழை நேரத்தில் வாதிகள், அணைகள் அருகே கூடினாலே 1,000 திர்ஹம் அபராதம், 6 கரும்புள்ளி. வெள்ளம் ஓடும் வாதிக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம், 23 கரும்புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல். அபராதத்தைச் சொன்னால் நம்ம ஆட்களுக்குச் சீக்கிரம் புரியும் என்பதால் இதைச் சொல்கிறேன். முழங்கால் அளவு ஓடுகிற தண்ணீரே ஒரு காரைத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்பதுதான் நிஜமான காரணம்.

யார் போய்க் கேட்பது?

கணவர் காலை ஆறுக்கு வேலைக்குப் போனால் மாலை ஏழுக்குத் திரும்புவார். புதிதாக வந்த பெண் நாள் முழுக்கக் குழந்தையோடு மூடிய ஃபிளாட்டில். அவர் கையில் இன்னும் உள்ளூர் சிம்கூட இருக்காது. அந்த நேரத்தில் ஓர் ஆண் தனியாகப் போய்க் கதவைத் தட்டினால், எவ்வளவு நல்ல எண்ணம் இருந்தாலும் அந்தப் பெண்ணுக்குச் சங்கடம். வீட்டுப் பெண்கள் போகட்டும், இல்லை கணவர் இருக்கும் மாலையில் இருவருமாகப் போகலாம். முதல் நாள் கறியோடு போக வேண்டாம். அவர்கள் சைவமாக இருக்கலாம், ஹலால் பார்ப்பவர்களாக இருக்கலாம். பேரீச்சம்பழமும் ஒரு பிளாஸ்க் டீயும் யாருக்கும் இடிக்காது. பெயரைக் கேட்டதும் எண்ணைக் கட்டட வாட்ஸாப் குழுவில் தூக்கிப் போடுவதும் வேண்டாம். "சேர்க்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில் இவ்வளவும் எழுதிக் கொடுத்து, பிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்: போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998, தீ 997, நம் வீட்டு எண், நாத்தூர் எண், கட்டடத்தின் பெயர், பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த மசூதியோ கடையோ ஒன்று. ஆம்புலன்ஸ்காரர் முதலில் கேட்பது "எங்கே இருக்கிறீர்கள்" என்றுதான். வந்து ஒரு வாரமான பெண்ணுக்கு, "சிக்னல் பக்கத்துல ஒரு கட்டடம்" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாது. இந்தத் தாளை எழுத இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளை உட்கார வையுங்கள். அவர்களுக்கு அரபியில் கட்டடப் பெயரை எழுதவும் தெரியும், லிஃப்ட்டில் ஒட்டியிருக்கிற அரபி அறிவிப்பைப் படித்துச் சொல்லவும் தெரியும். "அடுத்த வீட்டுக்காரங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது" என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவே ஒரு தொடக்கம்.

தனியாக அடைபட்டுக் கிடப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு, 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் வந்த வெப்ப அலை ஒரு சாட்சி. சில நாட்களில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். பின்னர் அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க், வறுமையில் ஒன்றுபோல இருந்த அக்கம்பக்கத்துப் பகுதிகளிலேயே சாவு எண்ணிக்கை பெரிதும் வேறுபட்டதைக் காட்டினார். தெருவில் ஆள் நடமாட்டமும், ஒருவரையொருவர் எட்டிப் பார்க்கும் பழக்கமும் இருந்த இடத்தில் குறைவு. கதவை மூடிக்கொண்டு தனியாகக் கிடந்தவர்கள் நிறைந்த இடத்தில் அதிகம். வெயிலையும் மூடிய கதவையும் பற்றி வளைகுடாவில் இருக்கிற நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கே நாம் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். "தமிழா?" என்று கேட்டு, இல்லை என்றால் திரும்பிவிடுகிறோம். இரண்டு மாடி தள்ளியிருக்கும் தமிழரைத் தேடிப் போவோம், எதிர்க்கதவு எகிப்துக்காரரின் பெயர்கூடத் தெரியாது. கேஸ் கசிந்தாலும் வெள்ளம் வந்தாலும் முதலில் கைக்கு எட்டுவது எதிர்க்கதவுதான். புதுக் குடும்பத்தை நம் சங்கத்துக்கு அறிமுகம் செய்வதற்கு முன், அந்த மாடியில் இருக்கிற பட்டாண் குடும்பத்துக்கும் மலையாளி சேச்சிக்கும் அறிமுகம் செய்துவைத்தால் நல்லது.

எங்கே நிறுத்திக்கொள்வது?

உதவிக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த ஊரில் நல்ல மனது மட்டும் இருந்தால் போதாது, சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்.

புதியவரின் மின் இணைப்பையோ சிம்மையோ நம் ஐடியில் எடுத்துக் கொடுக்க வேண்டாம். பில் கட்டாமல் போனாலும், அந்த எண்ணிலிருந்து ஏதாவது தப்பு நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை எடுத்து நீட்ட வேண்டாம். ஊரில் சாதாரணமாக விற்கிற சில வலி, இருமல் மருந்துகள் இங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. டாக்டரிடம் கூட்டிப்போவதுதான் உதவி. அவர்களுக்கு ஒரு பெரிய செலவு வந்துவிட்டது என்று கட்டடத்தில் வசூலுக்குக் கிளம்பவும் வேண்டாம். அனுமதி பெற்ற அமைப்புகள் தவிர வேறு யாரும் நன்கொடை திரட்டுவது இங்கே குற்றம், வாட்ஸாப்பில் கேட்டாலும் அதே கதைதான். அனுமதி உள்ள அமைப்பையோ தூதரகத்தையோ எப்படி அணுகுவது என்று வழி காட்டலாம்.

இந்த எல்லையை முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிடலாம். "என் ஐடி மட்டும் கேக்காதீங்க தம்பி, மத்தபடி ராத்திரி ரெண்டு மணிக்கும் கதவைத் தட்டலாம்." இப்படிச் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் இழுத்தடித்துப் பிறகு மறுத்தால்தான் மனக்கசப்பு வரும்.

புஜைராவில் குடும்பங்கள் வருவதும் போவதுமாகவே இருக்கும். கம்பெனி மாற்றினால் அபுதாபி, வேலை போனால் ஊர். ஒரு கட்டடத்தில் 2022 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருவார்கள். கடைசியாகத் தெரிந்தவரும் காலி செய்துவிட்டுப் போனால், தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்கிற விஷயமும் அவரோடு போய்விடும். ஆகவே அடுத்த முறை லிஃப்ட்டில் மெத்தை ஏறுவதைப் பார்த்தால், டப்பாவைத் தேடுவதற்கு முன் போய்க் கேளுங்கள்: கரண்ட் மாத்தியாச்சா, பால் எப்போ காய்ச்சறீங்க, வண்டி எங்க நிறுத்துறீங்க. பிரியாணி சனிக்கிழமை போகட்டும்.